திரையில் தோன்றும் திருவுருவம்: முன்னதாகச் சொல்ல வேண்டிய ஒரு வரி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர், நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே வெளியே எழுந்தருளிச் சேவை சாதிக்கிறார். 1979இல் சேவித்தவர்களுள் பலர், 2019இல் பேரன் பேத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் வந்து சேவித்தனர். ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை நிகழ்ந்த அவ்வைபவத்தில், முதல் மாதம் முழுவதும் கிடந்த கோலத்திலும், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலத்திலும் பெருமாள் காட்சியளித்தார். அதன்பின் மீண்டும் திருக்குளத்தினுள் எழுந்தருளினார். அடுத்த சேவை 2059ஆம் ஆண்டில்தான்.

அந்த நாற்பது ஆண்டு இடைவெளியில் நீருக்கடியில் பெருமாள் எப்படிப் பள்ளிகொண்டிருக்கிறார் என்பதை எவரும் கண்டதில்லை. ஆயினும் அத்தகைய காட்சியைக் காட்டும் காணொளியை இன்று எவரும் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். வேண்டிய காட்சியை இரண்டு மூன்று வரிகளில் எழுதிக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதை ஒளிப்படம் போலவே வரைந்து, அசையவும் வைத்துவிடும். நீரில் ஒளிக்கதிர் ஊடுருவும், மீன்கள் நீந்தும், திருமுகத்தில் புன்னகை அரும்பும். வாட்ஸ்அப்பில் அதைப் பெறும் மூதாட்டி ஒருவர், கோயிலார் குளத்தினுள் இறங்கிப் படம்பிடித்திருக்கிறார்கள் என்றே எண்ணிக் கைகூப்புவார்.

அவருடைய கைகூப்பலில் குறையொன்றும் இல்லை. பெருமாளை நினைந்து செய்த வணக்கம் பெருமாளையே சேரும். ஆனால் அவர் மனத்தில், "கோயிலில் இப்படி நடந்தது" என்னும் ஒரு பொய்ச் செய்தியும் கூடவே பதிந்துவிடுகிறது. வணக்கத்துக்குச் சிறிதும் ஊறு நேராமல் அந்தப் பொய்ச் செய்தியை மட்டும் விலக்குவது எப்படி என்பதே, பக்திக் காணொளிகளைத் தயாரிப்பவர்கள் இன்று எதிர்கொள்ளும் கேள்வி.

முகமூடியை மறைக்காத மேலட்டூர்

தஞ்சாவூரை அடுத்த மேலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் தோன்றும் கட்டம் உச்சமானது. நரசிம்மராக வருபவர் அணியும் முகமூடி வழிபாட்டுக்கு உரியது. அதை அணிபவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்பது கூடியிருக்கும் ஊராருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர்கள் மெய்சிலிர்த்து வணங்குகிறார்கள். வேடம் இன்னதென்று அறிந்திருப்பது பக்திக்குத் தடையாவதில்லை என்பதற்கு அந்த மேடை சான்று.

ரவிவர்மாவின் அச்சுப் படங்களும், கோவில்பட்டி கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படங்களும் பூஜையறைகளில் இடம்பெற்றதும் இவ்வாறே. அவை ஓவியர் வரைந்தவை என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தப் படம் எவரையும் ஏமாற்றவில்லை. ஒளிப்படத்தின் தோற்றத்தில் வரும் கணினிப் படமோ, தான் வரையப்பட்டது என்பதைத் தானே சொல்வதில்லை. ஆகவே, படத்தைத் தந்தவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைவ சித்தாந்தமும் விசிஷ்டாத்வைதமும் உண்மையை அறியும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றை ஏற்கின்றன. நேரில் காண்பது ஒன்று. கண்டதைக்கொண்டு ஊகிப்பது மற்றொன்று. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது மூன்றாவது. கணினி வரைந்த கருவறைக் காட்சி, கருதலைக் காண்டலாகக் காட்டுகிறது. கணினி பேசும் ஆசாரியர் குரல், எவரோ எழுதியதை ஆப்தர் உரையாகக் காட்டுகிறது. எது எவ்வகை என்பதைச் சொல்லிவிட்டால் குழப்பம் நீங்கிவிடும்.

எட்டு நிமிடக் காணொளி ஒன்று

ஊர்ப் பஜனைக் குழு ஒன்று, அத்திவரதர் வைபவத்தைப் பற்றி எட்டு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிப்பதாகக் கொள்வோம். குழுவினர் 2019இல் கைப்பேசியில் எடுத்த காட்சிகள் மூன்று நிமிடத்துக்குத் தேறும். எஞ்சிய ஐந்து நிமிடத்துக்குக் கணினியின் துணையை நாடுகிறார்கள். அவர்கள் விரும்பும் காட்சிகள் மூன்று: பிரமன் செய்த யாகத் தீயிலிருந்து வரதர் தோன்றும் தலபுராணக் காட்சி, திருக்குளத்தினுள் பெருமாள் பள்ளிகொண்ட காட்சி, 1979ஆம் ஆண்டுக் கூட்டத்தைக் காட்டும் கருப்பு வெள்ளைப் படம். இவற்றுடன், 1979இல் சேவித்துவிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்த, இப்போது காலஞ்சென்றுவிட்ட பெரியவர் ஒருவரின் குரலையும் பழைய ஒலிநாடாவிலிருந்து மீட்டுருவாக்கிப் பேசவைக்க நினைக்கிறார்கள்.

முதற்காட்சியில் சிக்கல் மிகக் குறைவு. யாகத் தீயிலிருந்து பெருமாள் தோன்றியதை எவரும் படம்பிடித்திருக்க முடியாது என்பது பார்ப்பவர்க்கே விளங்கும். அதைத் தஞ்சாவூர் ஓவியத்தின் பாணியில் வரையச் செய்துவிட்டால் படமே தன்னை ஓவியமென்று அறிவித்துவிடும். காணொளியின் தொடக்கத்தில் வரும் பொது அறிவிப்பு இதற்குப் போதும். ஆனால் வேறொரு கடமை இங்கே உண்டு. வரதர் திருக்கரங்களில் சங்கும் சக்கரமும் கதையும் உரிய இடத்தில் இருக்கின்றனவா, அபய ஹஸ்தம் சரியாக அமைந்ததா என்று கோயில் அறிந்தவர் ஒருவர் பார்த்தே தீரவேண்டும். கணினி தியான சுலோகத்தை அறிந்து வரைவதில்லை. தான் கண்ட ஆயிரமாயிரம் படங்களின் சாயலைக் கலந்து வரைகிறது. அதனால் ஒரு காட்சியில் வலக்கரத்தில் இருந்த சக்கரம் அடுத்த காட்சியில் இடக்கரத்துக்கு மாறிவிடும். நாமத்தின் அமைப்பு மாறும். மதுரை வெள்ளியம்பலத்தில் வலத் திருவடியைத் தூக்கி ஆடும் நடராசப் பெருமானை, மற்றத் தலங்களைப் போல இடத் திருவடி தூக்கியவராக வரைந்துவிடும். "கணினி வரைந்தது" என்று சொல்லிவிட்டால் இத்தகைய பிழை மன்னிக்கப்பட்டுவிடாது. திருத்த முடியாத படத்தை நீக்கிவிடுவதே முறை.

இரண்டாம் காட்சி அப்படிப்பட்டதன்று. திருக்குளம் உண்மையான இடம். பெருமாள் அங்கே பள்ளிகொண்டிருப்பதும் உண்மை. ஆகவே கணினிப் படம் உண்மைப் பதிவாகவே கொள்ளப்படும். இதனை வைத்துக்கொள்வதாயின், அக்காட்சி திரையில் இருக்கும் நேரம் முழுவதும் அறிவிப்பும் இருக்க வேண்டும். கருவறையினுள் படமெடுக்க அனுமதியில்லாத எல்லாக் கோயில்களுக்கும் இது பொருந்தும். மூலவரை நேரில் கண்டதாக ஒருவர் நம்பும்படி செய்யும் படம், கோயிலார் விதியை மீறியதாகவும் தவறான எண்ணத்தை உண்டாக்கும்.

மூன்றாம் காட்சிதான் ஆபத்தானது. 1979இல் எடுக்கப்பட்ட உண்மையான படங்கள் சில குடும்பங்களிலேனும் இருக்கக்கூடும். அவற்றுக்கிடையே, கீறலும் மங்கலும் சேர்த்துப் பழையதுபோல் செய்யப்பட்ட ஒரு கணினிப் படம் புகுந்துவிட்டால், 2059இல் அதைப் பார்ப்பவர் எதைக்கொண்டு பிரித்தறிவார்? அன்றைய அலங்காரம், மண்டபத்தின் தோற்றம், வரிசை சென்ற வழி ஆகிய யாவும் பொய்ப் படத்தின்படி எழுதப்பட்டுவிடும். அறிவிப்பு எழுதிய துண்டு காலப்போக்கில் அறுந்துபோக, படம் மட்டும் எஞ்சுவது எளிது. எனவே நிகழ்ந்த வரலாற்றை ஒளிப்படம் போல உருவாக்காமல், கோட்டோவியமாக வரைந்து காட்டுவதே நேர்மையான வழி. கோட்டோவியத்தை யாரும் 1979ஆம் ஆண்டுச் சான்றாகக் கொள்ளமாட்டார்கள்.

குரல் யாருடையது?

இனி, பெரியவரின் குரல். குரலில் மூன்று நிலைகள் உண்டு. ஒருவர் தாமே பேசிப் பதிவுசெய்து, இரைச்சலை மட்டும் கணினியால் நீக்கினால் அது அவருடைய குரலே, அறிவிப்பு வேண்டியதில்லை. எவருடையதும் அல்லாத பொதுவான கணினிக் குரல் கதையை வாசித்தால், "வாசிப்பது கணினிக் குரல்" என்று ஒரு முறை சொன்னால் போதும். அறிந்த ஒருவரின் குரலை அச்சாக உருவாக்குவது மூன்றாம் நிலை. அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். அவர் மறைந்திருந்தால் குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். வெளிப்படையான அறிவிப்பும் வேண்டும்.

2024இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும், உரிய தொகை அளித்ததையும் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் வெளிப்படையாகத் தெரிவித்தார். கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்று அறிந்தே கேட்டனர்.

ஆயினும் பாட்டுக்கும் உபதேசத்துக்கும் வேறுபாடு உண்டு. பாடகர் பிறர் எழுதியதைப் பாடுபவர். ஆசாரியரோ தம் அனுபவத்தைத் தம் பொறுப்பில் சொல்பவர். ஸித்தியடைந்த மகான் ஒருவரின் குரலில் அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தைப் பேசவைத்தால், எத்தனை அறிவிப்பு இட்டாலும் அந்த வாக்கியம் அவர் பெயராலேயே பரவும். அவர் எழுதியதை அல்லது சொல்லிப் பதிவானதை மற்றொருவர் தம் சொந்தக் குரலில் வாசிப்பதே இவ்விடத்தில் தகும். நம் பஜனைக் குழுவும் இந்த வழியைத் தேர்ந்தால், பெரியவரின் நாட்குறிப்பை அவருடைய பேத்தியே வாசிப்பாள். "தாத்தா 1979இல் எழுதியது, வாசிப்பவர் பேத்தி" என்று திரையில் வரும். உருவாக்கிய குரலைவிட அவளுடைய குரலே அந்த நாட்குறிப்புக்கு உரிமையுடையது.

வாழும் குருமார்களும் இத்தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஈஷா அறக்கட்டளையின் நிறுவனர் சத்குரு ஜக்கி வாசுதேவின் உருவத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி விளம்பரங்களில் பயன்படுத்தியவர்களுக்கு எதிராக, தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தடையாணை பிறப்பித்தது. குருவின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கும் காணொளியை நம்பி ஏமாறுவோருள் முதியவர்களும் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பக்திக் காணொளிகள் அறிவிப்பின்றிப் பெருகினால், போலியையும் இயல்பாக ஏற்கும் பழக்கம் கண்களுக்கு வந்துவிடும்.

சுலோகங்களைக் கணினிக் குரலில் ஓதவைப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சான தோத்திர நூல்களில் ககரத்தின் நான்கு ஒலிகளையும் பிரித்துக்காட்ட, எழுத்தை அடுத்து 2, 3, 4 என்னும் எண்கள் இடப்படுவது வழக்கம். கணினிக் குரல் அவ்வெண்களை "இரண்டு", "மூன்று" என்று நாமாவளியின் நடுவே வாசித்துவிடலாம். எண்களை நீக்கினாலோ ஒலி வேறுபாடே அற்றுப்போய்விடும். வேத மந்திரங்களில் ஏற்ற இறக்க ஸ்வரங்களும் பிசகும். பாராயணத்துக்கு உரியவற்றை மனிதர் ஓதுவதே தகும். கணினிக் குரல் கதை சொல்லும் பகுதியோடு நிற்கட்டும்.

எங்கே, எப்படிச் சொல்வது?

அறிவிப்பின் சொற்கள் படத்தைப் பற்றியனவாக இருக்க வேண்டும். இறைவனைப் பற்றியனவாக ஆகிவிடக்கூடாது. "இது கற்பனையே" என்றோ "போலி உருவம்" என்றோ எழுதினால், அச்சொல் திருவுருவத்தின் மீது சென்று விழும். பக்தர் மனம் வருந்துவதில் நியாயம் உண்டு. "இப்படம் கணினியால் வரையப்பட்டது, கோயிலில் எடுக்கப்பட்டதன்று" என்றால் செய்தி முழுமையாகிவிடுகிறது, ஒருவர் மனமும் புண்படாது.

இந்த வரியைத் திருமுகத்தின் மீதும் திருவடியின் மீதும் எழுதலாகாது. படத்தைச் சற்றுச் சிறிதாக்கி மேலே ஏற்றி, கீழே வெற்றுப் பட்டை ஒன்றை விட்டு, அதில் கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் எழுதலாம். கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்தபடி, கண்ணாடி அணிந்த எழுபது வயதினர் ஒருவர் படிக்கும் அளவில் எழுத்து இருக்க வேண்டும். தயாரித்த இளைஞர் தாமே பார்த்து முடிவுசெய்யாமல், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது நல்ல சோதனை. அவர் நிதானமாக இரண்டு முறை படித்து முடிக்கும் வரை தொடக்க அறிவிப்பு திரையில் நிற்கட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்போரும், பார்வை குன்றியோரும் உண்டு. ஆகையால் அதே வரியைக் குரலாகவும் சொல்ல வேண்டும். பிள்ளையார் துதி தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால், துதியின் நடுவிலோ தீபாராதனையின் நடுவிலோ குறுக்கிட நேராது. உண்மையான காட்சி வரும்போது, "இது 2019ஆம் ஆண்டு வைபவத்தில் எடுத்தது" என்று சொல்வதும் அதே அளவுக்குப் பயன்தரும். உண்மைக்கும் அடையாளம் இட்டால், கணினிப் படத்துக்கு இடும் அடையாளம் குற்றச்சாட்டுப் போலத் தோன்றாது.

யூடியூபில் பதிவேற்றும்போது, விவரங்கள் நிரப்பும் பக்கத்தில் "Altered content" என்னும் தலைப்பின்கீழ் ஒரு கேள்வி வரும். உண்மையெனத் தோன்றும் காட்சியோ குரலோ கணினியால் உருவானதானால் அங்கே "Yes" என்று குறிக்க வேண்டும். 2024 மார்ச்சில் அந்நிறுவனம் அறிவித்த விதி இது. யாகத் தீ ஓவியம் போன்றவற்றை விதி கட்டாயப்படுத்துவதில்லை. திருக்குளக் காட்சிக்கு அது பொருந்தும். அவ்வாறு குறித்தால், காணொளியின் விவரப் பகுதியை விரித்துப் பார்ப்பவர்க்கு "Altered or synthetic content" என்னும் குறிப்புத் தெரியும்.

இந்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்த திருத்தமும் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உண்மை மனிதரென்றும் உண்மை நிகழ்ச்சியென்றும் நம்பும்படி கணினி உருவாக்கும் படத்துக்கும் ஒலிக்கும் தெளிவான அடையாளம் வேண்டும் என்பதும், பெரிய சமூக ஊடகங்கள் பதிவேற்றுவோரிடம் இதுபற்றி உறுதிமொழி பெறவேண்டும் என்பதும் அதன் சாரம். நிறத்தைச் சீராக்குதல், இரைச்சலைக் குறைத்தல் போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு விலக்கு உண்டு.

ஆனால் யூடியூப் இடும் குறிப்பை மட்டும் நம்பியிருப்பது போதாது. அக்காணொளியை ஒருவர் தரவிறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், விவரப் பகுதி யூடியூபிலேயே தங்கிவிடும். படம் மட்டுமே பயணிக்கும். முதியோர் பெரும்பாலும் காண்பது அவ்வாறு கைமாறி வந்த காணொளியைத்தான். மேலும், எட்டு நிமிடத்தில் முப்பது வினாடியை மட்டும் வெட்டி அனுப்புவோரும் உண்டு. அப்போது தொடக்க அறிவிப்பும் போய்விடும். ஒவ்வொரு கணினிக் காட்சியின் அடியிலும் பட்டையாக எழுத்தைப் படத்தோடு படமாகப் பதித்துவிடச் சொல்வது இதனால்தான். எங்கே வெட்டினாலும் அது கூடவே செல்லும்.

பார்ப்பவர் பங்கு

விரல் ஆறாக இருப்பது, கோயில் சுவரில் எம்மொழியிலும் சேராத எழுத்துகள் காணப்படுவது, ஆயுதங்கள் கைமாறுவது, குரல் மூச்சே வாங்காமல் ஒரே சீராகச் செல்வது ஆகியவற்றைக்கொண்டு கணினிப் படைப்பை ஒருவாறு கண்டுகொள்ளலாம். ஆனால் மென்பொருள்கள் திருந்தத் திருந்த இவ்வடையாளங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கண்ணை நம்பிக் கண்டுபிடிப்பதைவிட, "இது எங்கே, எப்போது எடுத்தது?" என்று அனுப்பியவரைக் கேட்பது உறுதியான வழி. விடை கிடைக்காத காணொளியைத் தாம் வணங்கிக்கொள்வதில் தடையில்லை. பிறர்க்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

2059இல் அத்திவரதர் மீண்டும் எழுந்தருளும்போது, இன்றைய இளைஞர்கள் தாத்தா பாட்டிகளாக வரிசையில் நிற்பார்கள். 2019இல் பெருமாள் எப்படிக் கிடந்தார், எப்படி நின்றார் என்று தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் காட்டப்போவது, நாம் இன்று விட்டுச்செல்லும் படங்களைத்தான். அவற்றுள் எது கண்டது, எது வரைந்தது என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருந்தால், அவர்கள் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வணங்கலாம்.